முதல் வருஷத்து இருபதாயிரம்

முப்பத்தாறு வருஷம் வங்கியில் வட்டி போட்டே தலை நரைத்தவன் நான். ஓய்வு பெற்றதும் சும்மா இருந்திருக்கலாம். அக்கா பெயரில், நர்சிங் கல்லூரி மாணவி ஒருத்திக்கு ஆண்டுதோறும் இருபதாயிரம், அதுவும் காலாகாலத்துக்கும் என்று அறிவித்துவிட்டேன்.

கணக்கு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. வட்டி எட்டு சதவீதம். இரண்டரை லட்சம் போட்டால் வருஷத்துக்கு இருபதாயிரம் வரும், அசலைத் தொடவே வேண்டாம். மேடை, மாலை, வீடியோ எல்லாம் ஏற்பாடு செய்தேன். திங்கட்கிழமை விழா, அதே மேடையில் முதல் மாணவிக்கும் தொகை கொடுக்க வேண்டும் என்று அடம் பிடித்ததும் நான்தான். வீடியோவில் வெறுங்கையோடு நிற்க முடியுமா?

வெள்ளிக்கிழமை அக்காவையும் கூட்டிக்கொண்டு கல்லூரி அலுவலகத்துக்குச் செக்கோடும் விவரக் கடிதத்தோடும் போனேன். கணக்காளர் என் மகள் வயதுப் பெண். கடிதத்தை இரண்டு முறை படித்தாள்.

"சார், திங்கட்கிழமை டெபாசிட் போட்டா வட்டி அடுத்த வருஷம்தானே வரும். அன்னிக்கே குடுக்கற இருபதாயிரம் எதுலேர்ந்து?"

அசலிலிருந்துதான். மீதி இரண்டு லட்சத்து முப்பதாயிரம். அதற்கு வட்டி பதினெட்டாயிரத்து நானூறு. அடுத்த வருஷமே ஆயிரத்து அறுநூறு துண்டு விழும், அதற்கும் அசலில் கை வைக்க வேண்டும். அவள் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள். வட்டி எட்டிலேயே நின்றாலும் முப்பத்து நாலாவது பெண்ணுக்கு முழுத்தொகை இருக்காதாம். என் காலாகாலம் முப்பத்து மூன்று வருஷம்! யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லித் தேற்றிக்கொள்ளலாம்தான். ஆனால் நான் யானையே இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

மானத்தைக் காப்பாற்ற வழி தேடினேன். முதல் தொகையை மட்டும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளினால் இரண்டரை லட்சமே போதும், கணக்கு சுத்தம் என்றேன். கணக்காளர் தயங்கினாள். தேர்வான பெண்ணுக்குப் பணம் கட்டத் திங்கட்கிழமைதான் கடைசி நாள். கட்டாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்றாள். ஒரு வருஷம்தானே, பிறகு சேர்ந்துகொள்ளட்டும் என்று நான் சொன்னேன். அதைச் சொன்ன வாய் என்னுடையதுதான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா என்னைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை.

"உன்னைக் காலேஜ்ல சேர்த்தப்போ எனக்கும் அப்பா அதான்டா சொன்னார். ஒரு வருஷம்தானேம்மா, அப்புறம் சேர்ந்துக்கலாம்னு."

அவமானமாக இருந்தது. வெளியே போய் வீடியோக்காரருக்குப் போன் செய்து வேண்டாம் என்றேன். மாலைக்கடைக்கும் சொன்னேன். திரும்பி வந்து பழைய செக்கைக் கிழித்துவிட்டு, இரண்டு லட்சத்து எழுபதாயிரத்துக்குப் புதிதாக எழுதினேன். கையெழுத்து மட்டும் கோணிக்கொண்டது. வங்கியில் இப்படி ஒரு கையெழுத்து வந்திருந்தால் நானே திருப்பி அனுப்பியிருப்பேன்.