அறுபது சென்டிமீட்டர் தெளிவு

பிரேமலதா டீச்சருக்கு எதையும் அளந்து பார்த்தால்தான் மனசு ஆறும். காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர், அரிசி என்றால் உழக்கு. அதனால் ஐப்பசி மழையில், பைப் பதிக்கத் தெருவைத் தோண்டிப் போட்டபின், ஸ்ரீரங்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் கலங்கி வந்தபோது, அவர் புலம்பவில்லை. அதையே பள்ளிக்குக் கொண்டுபோய் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சோதனையாக்கிவிட்டார்.

அடி வெட்டிக் கவிழ்த்த இரண்டு பாட்டில்களின் வாயில் துணி கட்டி, ஒன்றில் கழுவிய ஆற்று மணலும் மற்றொன்றில் கொட்டாங்குச்சிக் கரித்தூளும் போட்டார்கள். மூன்றாவது, கடையில் வாங்கிய, கேண்டில் என்கிற பீங்கான் வடிகட்டி பொருத்திய வாளி. கலங்கலை அளக்க ஒரு நீளக் கண்ணாடிக் குழாய். அதன் அடியில் கறுப்பாக ஒரு பெருக்கல் குறி. மேலிருந்து பார்த்தபடி தண்ணீரை ஊற்ற வேண்டும். குறி மறைகிற உயரம்தான் கணக்கு.

குழாய்த் தண்ணீரில் பன்னிரண்டு சென்டிமீட்டரிலேயே குறி மறைந்தது. மணலில் வடிந்தது முப்பத்திரண்டு வரை போனது. கரி முதலில் மை மாதிரி கறுப்பாக விட்டது. நாலு தடவை அலசியபின் இருபத்தேழு. ஆனால் வாடை துளியும் இல்லை. முந்தின நாளே வைத்த பீங்கானோ மணிக்கு ஒரு டம்ளர்தான் சொட்டியது. கண்ணாடிக் குழாய் நிரம்பி அறுபது சென்டிமீட்டர் ஆனபிறகும் குறி பளிச்சென்று தெரிந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

சம்ரீன் என்ற பெண் மட்டும், கலங்கல் போனால் கிருமியும் போய்விடுமா என்று கேட்டாள். கிருமி அடுத்த பருவத்துப் பாடத்தில் வருகிறது, அப்போது பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு டீச்சர் மணியடிக்கும் முன் அட்டவணையை முடித்தார். அந்தப் பாடத்தைப் பத்தொன்பது வருஷமாக நடத்துகிற மனுஷிதான்.

அந்த வாரம்தான் மகள் வைஷ்ணவிக்கு வளைகாப்பு. வையம்பட்டியில் மாமியார் வீட்டில் இருந்தவளை, ஏழாம் மாசம் வளையல் அடுக்கி, பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். வந்த நாளிலிருந்து அவளுக்குத் தண்ணீர்தான் பிரச்சினை.

"காய்ச்சின தண்ணி சப்புன்னு இருக்கும்மா. வாயில வச்சாலே குமட்டுது."

பெற்றவளுக்கு மனசு கேட்குமா? மூன்று வடிகட்டிகளையும் பள்ளியிலிருந்து கொண்டுவந்து ஒன்றாக்கினார் பிரேமலதா. மேலே மணல், நடுவில் கரி, கீழே பீங்கான். ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து அளந்தார். குறி பளிச்சென்று தெரிந்தது.

"இனி காய்ச்ச வேண்டாம் கண்ணு. இதையே குடி."

வைஷ்ணவி ஆசையாகக் குடித்தாள். பள்ளியிலிருந்து வந்ததும் செம்பு காலியாகியிருப்பதைப் பார்த்து டீச்சர் பெருமைப்பட்டுக்கொண்டார்.

நாற்பது நாள் கழித்து மகளுக்குச் சோறு கசந்தது. சிறுநீர் மஞ்சளாகப் போனது. கர்ப்பச் சூடு என்று நினைத்து இரண்டு நாளை வீணாக்கினார்கள். மூன்றாம் நாள் கண் மஞ்சளித்தது. திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, மகள் தாயைப் பார்த்து நீங்க யாருங்க என்று கேட்டாள்.

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, தண்ணீரைக் காய்ச்சித்தான் குடித்தீர்களா என்பது. பிரேமலதா மணல், கரி, பீங்கான், அறுபது சென்டிமீட்டர் என்று ஒப்பித்தார். டாக்டரம்மா குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டார்.

"பீங்கான்ல மண்ணு நிக்கும், பாக்டீரியாவும் பெரும்பாலும் நிக்கும். இந்த மஞ்சள்காமாலை வைரஸ் அதவிட ரொம்பச் சின்னதுங்க, புகுந்து வந்துடும். காய்ச்சினாத்தான் சாகும். மாசமா இருக்கறவங்களுக்கு ரொம்ப மோசம்."

ஆறாம் நாள் வைஷ்ணவி போய்விட்டாள். குழந்தையும் தங்கவில்லை.

மருமகன் சுரேஷ்குமார் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. வாசலில் செருப்பைத் தேடியபடி, "எங்க வீட்டுலயே விட்டிருக்கலாம், அத்தை" என்றார். அவ்வளவுதான். அதற்குப்பின் அவர் போன் எடுக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பிரேமலதா பள்ளிக்குப் போனார். வீட்டில் இருந்தால் அந்த வாளி சொட்டுகிற சத்தம் கேட்டது. அதை நிறுத்தவும் கை வரவில்லை. வகுப்பில் பழைய அட்டவணை சுவரில் அப்படியே இருந்தது. யாரோ பீங்கானுக்கு நேராக நட்சத்திரம் வரைந்திருந்தார்கள். புதுப் பருவம் தொடங்கியும் மாற்று டீச்சர் வராததால் பாடம் ஆரம்பிக்கவில்லை. முதல் பாடமே கிருமி.

புத்தகத்தைத் திறந்து இரண்டு பத்தி வாசித்தார். மூன்றாவதில் பாதி வரியோடு நிறுத்திவிட்டார். பிள்ளைகள் காத்திருந்தார்கள். டீச்சருக்குத் தொண்டை சரியில்லை என்று எண்ணிச் சம்ரீன் எழுந்து, தான் வாசிக்கட்டுமா என்று கேட்டாள். அவர் புத்தகத்தை அவளிடம் நீட்டினார்.

"வடிகட்டிய நீரையும் கொதிக்க வைத்து ஆறிய பின்னரே பருக வேண்டும்" என்று சம்ரீன் கணீரென்று வாசித்தாள். அந்த வரிக்குக் கீழே, போன வருஷம் பிரேமலதாவே ஸ்கேல் வைத்துப் போட்ட சிவப்புக் கோடு இருந்தது.