லிங்க் ஸ்டிக்கருக்கு மேலே ஒரு வரி

வகுப்பு விளம்பரத்தை ஸ்டோரியாகப் போட்டதிலிருந்து கைபேசியைக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை. நானூறு பேர் பார்த்திருந்தார்கள். கடைசி ஃப்ரேமில் இருந்த லிங்கை ஏழு பேர் தொட்டிருந்தார்கள். ஒருத்திகூடப் பதிவு செய்யவில்லை.

ஞாயிறு காலை மாமல்லபுரம் கடலில் பெண்களுக்கு மட்டும் நான் நடத்தும் சர்ஃபிங், அதாவது அலைச்சறுக்கு வகுப்பு. ஆறு இடம். அது நிறையவில்லை என்றால் திங்கட்கிழமை முதல் நான் செங்கல்பட்டில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட வேண்டும். கடைக்காரரிடம் பேசி வைத்திருந்ததே என் அம்மா சொர்ணம்தான். நான் போர்டைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போவது அவளுக்குப் பிடிக்காது. ஈரத் துணியோடு நான் கரையேறுவதை நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற ஒரே பயம் அவளுக்கு.

பொத்தேரியில் படிக்கும் என் தோழி ஹரிப்ரியா போனில் சொல்லச் சொல்லத்தான் நாலு ஃப்ரேமையும் செய்தேன். முதலில் அலை, ‘ஞாயிறு காலை, பெண்களுக்கு மட்டும்’ என்ற வரியோடு. அடுத்து என் முகம், என் பெயர். மூன்றாவதில் ‘நீச்சல் தெரியாதா? இடுப்பளவுத் தண்ணீர்தான்.’ நாலாவதில் ‘இடம் பிடிக்க இங்கே தொடுங்கள்’ என்ற லிங்க் ஸ்டிக்கர். அதை நான் அடியில் ஒட்டியிருந்தேன். பதில் எழுதும் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் விரல் தவறிப் போகும் என்று ஹரிப்ரியா திட்டி மேலே ஏற்ற வைத்தாள். இத்தனை செய்தும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மறுபடி அவளுக்கே போன் செய்தேன்.

“லிங்க்கைத் தொறந்து பாத்துட்டுப் போயிடுறாங்கடி. இன்னா பண்றது?”

“யாராச்சும் பதில் எழுதிக்கீறாங்களா?”

“மூணு பேரு. டிரெஸ் மாத்த எடம் கீதான்னு கேட்டாங்க. பாக்கலாம்னு போட்டேன்.”

“லூசு. அதுக்குத்தான் எவளும் புக் பண்ணல. ஈரத்தோட பஸ் ஏறுவாளா? புதுசா ஒரு ஃப்ரேம் போடு. ஏற்கெனவே பாத்தவங்களுக்கும் அது மட்டும் புதுசா வரும். லிங்க்க அதுலயும் ஒட்டு, திரும்பப் பின்னாடி போய்த் தேட மாட்டாங்க.”

கரையில் அப்படி ஓர் இடம் எங்கே இருக்கிறது? எங்கள் வீடு மட்டும்தான். பின்னால் தகரக் கதவு போட்ட குளியலறையைப் படமெடுத்து, ‘உடை மாற்ற எங்கள் வீடு. உள்தாழ்ப்பாள் உண்டு’ என்று எழுதினேன்.

மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள். “இன்னாடி போட்டுகினு கீற?”

வேறு வழியில்லாமல் படித்துக் காட்டினேன். ஊர்ப் பெண்களெல்லாம் நம் வீட்டுக்கா என்று கத்துவாள் என்றுதான் நினைத்தேன்.

“எங்க கீது தாழ்ப்பாளு? அது பிஞ்சி எவ்ளோ நாளாச்சி. இல்லாதத எழுதாத.”

“அப்ப இன்னா எழுதறது? இத நம்பித்தான் வருவாங்க.”

“யாரு கேட்டது, காட்டு.”

மூன்று பேரின் கேள்வியையும் வாசித்தேன். ‘நனைஞ்ச துணியோட எல்லாரும் பார்க்க நிக்க முடியாது அக்கா’ என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய்த் தகரக் கதவைச் சாத்தினாள், திறந்தாள், மறுபடி சாத்தினாள்.

“நீ குளிக்கறப்ப நாந்தான வெளிய நிக்கிறேன்?” என்றாள். “அத எழுது.”

பழைய வரியை அழித்தேன். ‘உடை மாற்ற எங்கள் வீடு. தாழ்ப்பாள் இல்லை. வெளியே என் அம்மா காவல் நிற்பார்.’ கீழே லிங்க் ஸ்டிக்கர். இதைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்று பயந்துகொண்டேதான் போட்டேன்.

சோறு இறங்கவில்லை. தட்டுக்குப் பக்கத்திலேயே கைபேசி. முதலில் ஒரு பதிவு வந்தது. சற்று நேரத்தில் அக்கா தங்கை இருவர். மாலைக்குள் ஐந்து பெயர்கள். ஆறாவது இடம் மட்டும் அசையவே இல்லை. அப்போது ஈரத் துணியைப் பற்றி எழுதிய அதே பெண்ணிடமிருந்து பதில் வந்தது.

‘இந்த வாரம் வர முடியாது அக்கா. அடுத்த வாரமும் அம்மா நிப்பாங்களா?’

அடுத்த வாரம் நான் பில் போட்டுக்கொண்டிருப்பேனோ என்னவோ. எதைச் சொல்வது? கைபேசியை அம்மாவிடம் நீட்டி, அந்தப் பெண் கேட்டதைப் படித்தேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“எல்லா வாரமும் நிப்பாங்கன்னு எழுது.”