கழிவுக்கு எத்தனை தமிழ்

தமிழ் பேசாத ஊரில் இருந்த அந்த ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்த இரண்டு நர்ஸுகள் அவளுக்கு வைத்த பெயர் 'அகராதி'. மொழிபெயர்ப்பாளர் வேலை பார்க்கிறவளுக்கு அந்தப் பெயர் பொருத்தம்தான். ஆனால் அவர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பது வேறு அர்த்தத்தில் என்பது அவளுக்கும் தெரியும். எதைக் கேட்டாலும் ஒன்றுக்கு மூன்றாகத் திருப்பிக் கேட்பாள். 'அகராதி பிடிச்சவ' என்று அம்மாவும் சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்ததுதான்.

அன்று காலை பில்லிங் பிரிவின் கண்ணாடி அறையில் அவளுக்கு எதிரே அக்காளும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். அக்காள் தையல்கடைக்காரி. கழுத்தில் இன்னும் அளவு நாடா தொங்கியது. கடையிலிருந்து அப்படியே கிளம்பி வந்திருக்கிறாள். தம்பி லாரி ஓட்டுகிறவன், உட்கார்ந்தபோதே சண்டைக்குத் தயாராக இருந்தான். அக்காளின் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். பித்தப்பையில் கல் என்று மாடி வார்டில் படுத்திருந்தார். ஆபரேஷன் முடிந்துவிட்டது. சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு முன் பில்லையும், காப்பீட்டுக் கம்பெனி அனுப்பிய விளக்கத்தையும் இவர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். அதுதான் அகராதியின் வேலை. தாளில் இருப்பதை, எதிரில் இருப்பவர் சொல்வதை, கூட்டாமல் குறைக்காமல் சொல்வது. சொந்தக் கருத்துக்கு அங்கே இடமில்லை.

"மேடம், நீங்க படிக்கறதுக்கு முன்னாடி நானே கேட்டுடறேன்" என்றான் தம்பி. செல்போனை மேஜையில் வைத்தான். "நேத்து இந்த பில்லை போட்டோ புடிச்சு போன்லயே தமிழ்ல மாத்திப் பாத்தேன். இருபது இடத்துல கழிவு கழிவுன்னு வருது. ஆஸ்பத்திரி குப்பைக்கெல்லாம் நாங்களா காசு குடுக்கணும்?"

அகராதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். போன் சொன்னதிலும் தப்பில்லை. கழிப்பதும் கழிவுதான், கழித்துப் போடுவதும் கழிவுதான்.

"இது குப்பை இல்லீங்க. மொத்தத்துலேருந்து கழிச்சது. ஆனா எதை யார் கழிச்சாங்கன்னு ஒவ்வொண்ணா பாக்கணும்" என்றாள்.

அக்காள் அளவு நாடாவின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

அகராதி ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் எழுதிக்கொண்டே சொன்னாள். பில்லின் மொழியில் எல்லாக் கழித்தலுக்கும் ஒரே சொல்தான். தமிழில் அந்த ஒரு சொல் போதாது என்பது முதல் வரியிலேயே தெரிந்தது. முதல் கழித்தல், ஆஸ்பத்திரியும் காப்பீட்டுக் கம்பெனியும் ஏற்கெனவே பேசி வைத்துக்கொண்ட விலைக்குறைப்பு. அதை 'தள்ளுபடி' என்று எழுதினாள். யாரும் கட்ட வேண்டியதில்லை. அடுத்தது கையுறை, தெர்மாமீட்டர், துணைக்கு இருந்தவர் படுத்த கூடுதல் கட்டில். காப்பீட்டில் இதெல்லாம் சேராது. 'உங்க பொறுப்பு' என்று எழுதினாள். மூன்றாவது, செலவில் பத்தில் ஒரு பங்கை நோயாளியே ஏற்க வேண்டும் என்ற பாலிசி நிபந்தனை. அது 'உங்க பங்கு'.

தம்பி எட்டிப் பார்த்தான். "இதையெல்லாம் பாலிசி எடுக்கறப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருப்பாங்கடா. உங்க மாமா படிச்சிருக்க மாட்டாரு" என்றாள் அக்காள். அன்று அவள் பேசிய முதல் வாக்கியம் அது.

நான்காவது வரியில் அகராதியின் பேனா நின்றுவிட்டது.

சிகிச்சைக் கட்டணங்கள் என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று, துளை வழியாகப் பித்தப்பையை அகற்றியது. இன்னொன்று, துளை வழியாக வயிற்றுக்குள் பார்த்து நோயறிவது. இரண்டாவதைக் காப்பீட்டுக் கம்பெனி கழித்திருந்தது. பில்லில் அந்தத் தொகை கையுறை, தெர்மாமீட்டரோடு சேர்ந்து, நோயாளி கட்ட வேண்டிய கணக்கில் இருந்தது. ஆனால் கம்பெனியின் விளக்கத்தில் அந்த வரிக்கு நேரே ஒரு குறிப்பு: 'முதன்மைச் சிகிச்சையில் அடங்கியது. உறுப்பினரிடம் வசூலிக்கத் தக்கதல்ல.'

இதைத் தள்ளுபடி என்பதா, உங்க பொறுப்பு என்பதா? ஒரே வரிக்கு இரண்டு தாளும் இரண்டு தமிழ் கேட்டன.

"ஏம்மா நிறுத்திட்டீங்க?" என்றாள் அக்காள். குரல் மாறியிருந்தது. "அந்த ரெண்டாவது ஆபரேஷன்தானே? எனக்குத் தெரியும்."

"என்னக்கா தெரியும்?"

"நீ சும்மா இருடா." அவள் அகராதியைப் பார்த்தாள். "போன்லயே போட்டிருந்துச்சு. நோயைக் கண்டுபுடிக்கற அறுவை சிகிச்சைன்னு. அதுக்குக் கீழ திசுப் பரிசோதனைன்னு. கல்லை எடுக்கப் போனவங்க உள்ள எதையோ பாத்திருக்காங்க. அதான் வெட்டி டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்காங்க. திசு டெஸ்ட்னா எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? என் கடைக்கு வர்ற ஒரு அம்மாவுக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது. அவர்கிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லல. நேத்து ராத்திரி பூரா அவரு கல்லைப் பத்தி ஜோக் அடிச்சாரு, நானும் சிரிச்சேன்."

இவ்வளவு நேரம் தம்பி, ஆஸ்பத்திரி தங்கள் தலையில் மிளகாய் அரைக்கிறது என்று நினைத்துக் கொதித்துக்கொண்டிருந்தான். அக்காள் பக்கத்திலேயே உட்கார்ந்து வேறொரு பயத்தில் வெந்துகொண்டிருந்ததை இப்போதுதான் பார்த்தான்.

அகராதிக்கு அந்த இடம் புதிது. தாளில் உள்ளதை அப்படியே சொன்னால், அக்காளின் பயத்துக்கு அவளே முத்திரை குத்தியது போல் ஆகும். 'பயப்படாதீங்க' என்று சொல்லவும் அவள் யார்? ஆனால் ஒன்று மட்டும் அவளுக்கு நிச்சயம்.

"எனக்கும் இது புரியலம்மா" என்றாள். "புரியாததை நான் தமிழ்ல சொன்னா அது பொய்யாயிடும். இங்கேயே கேட்டுத் தெரிஞ்சுக்கலாம், வாங்க."

பில்லிங் அதிகாரி ஒல்லியான மனிதர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தேடுகிற ரகம். அகராதி இரண்டு தாள்களையும் அவர் முன் அருகருகே வைத்தாள். "மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் ஒரு விளக்கம் வேண்டும். இந்த வரிக்கு எந்தச் சொல் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. இது யார் கணக்கு?" என்று ஆஸ்பத்திரியின் மொழியில் கேட்டாள். கேட்டதை அப்படியே தமிழிலும் சொன்னாள், அவர்களுக்குத் தெரியாமல் எதுவும் பேசக்கூடாது என்பது விதி.

அவர் இரண்டையும் பார்த்தார். கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "அட, இது சுவாரசியமாக இருக்கிறதே" என்றார். அகராதி அதையும் மொழிபெயர்த்தாள்.

"சுவாரசியமா? நல்லா இருக்கே கதை!" என்றான் தம்பி. அதையும் மொழிபெயர்த்தாள். அதிகாரி மன்னிப்புக் கேட்பது போல் கையைத் தூக்கினார்.

அவர் ஆபரேஷன் தியேட்டருக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார். மறுமுனையில் தியேட்டர் நர்ஸ், அவசரமில்லாத குரல். அவள் சொல்லச் சொல்ல அகராதி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"நடந்தது ஒரே ஆபரேஷன்தான். துளை போட்டு முதல்ல கேமராவை விடுவோம். சுத்தி ஒரு தடவை பாப்போம். அப்புறம்தான் பையை எடுப்போம். எல்லாருக்கும் அப்படித்தான். பாத்துட்டு ஒண்ணும் செய்யாம மூடினாத்தான், பாத்ததுக்குத் தனியா கணக்கு வரும். இங்க யாரோ ரெண்டையும் டிக் பண்ணியிருக்காங்க."

"அந்த டெஸ்ட்?" என்றாள் அக்காள். அவள் நேராகப் போனிடமே கேட்டாள், தமிழில். அகராதி அதை மொழி மாற்றி அந்தப் பக்கம் கொண்டுபோனாள்.

"வெளியில எடுத்த பித்தப்பை எல்லாத்தையும் பரிசோதனைக்கு அனுப்பறது எங்க வழக்கம். சந்தேகம்னு இல்ல. ஆனா முடிவை நான் சொல்லக்கூடாது. டாக்டர்தான் நோயாளிகிட்ட சொல்லணும். வந்துடுச்சுன்னு மட்டும் எனக்குத் தெரியுது."

அக்காள் எழுந்துவிட்டாள். "வந்துடுச்சா?"

அதிகாரி கணக்கை விளக்க ஆரம்பித்தார்: அந்த வரியை நோயாளி கணக்கில் போட்டது தப்பு, ஒப்பந்தப்படி அதை ஆஸ்பத்திரிதான் விட்டுக்கொடுக்க வேண்டும், திருத்திய பில் தயாராக மத்தியானம் ஆகும். அகராதி வாக்கியம் வாக்கியமாகச் சொன்னாள். தம்பி வெற்றி பெற்றவன் போலத் தலையாட்டி, "அதுக்கும் தள்ளுபடின்னே எழுதுங்க மேடம், பெருசா எழுதுங்க" என்றான். அக்காள் ஏற்கெனவே லிஃப்ட் வாசலில் நின்றாள்.

மூவரும் மாடிக்குப் போனபோது, டாக்டர் அப்போதுதான் அக்காள் புருஷனின் கட்டிலுக்கு வந்திருந்தார். மெக்கானிக் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், ஷேவ் பண்ணி ஊருக்குக் கிளம்புகிறவர் மாதிரி. மனைவி மூச்சிரைக்க வந்து நிற்பதைப் பார்த்தார்.

"என்ன, பில்லைப் பாத்து மாரடைப்பா?"

"நீங்க கொஞ்சம் வாயை மூடுங்க. டாக்டர் ஒண்ணு சொல்லப் போறாரு."

டாக்டர் முதலில் மெக்கானிக்கைத்தான் கேட்டார்: இவர்கள் முன்னால் முடிவைச் சொல்லலாமா? அகராதி கேட்டுச் சொன்னாள். "அவங்களுக்குத் தெரியாம எனக்கு என்ன இருக்கு?" என்றார் மெக்கானிக். அக்காள் தரையைப் பார்த்தாள்.

"கற்களும், அதனால் வந்த வீக்கமும் மட்டும்தான். வேறு எதுவும் இல்லை."

அகராதி அதைத் தமிழில் சொன்னாள். இந்த முறை சொல் தேட வேண்டியிருக்கவில்லை. அக்காள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மெக்கானிக்குக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது.

"அடிப்பாவி! ராத்திரி பூரா இதை மனசுல வெச்சுக்கிட்டா என் ஜோக்குக்குச் சிரிச்சே?"

"ஜோக்கு நல்லாவே இல்ல. அதான் கஷ்டமா இருந்துச்சு."

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தான். எதற்கு எல்லோரும் ஒரே நேரத்தில் அழுகிறார்கள், சிரிக்கிறார்கள் என்று டாக்டர் அகராதியைப் பார்க்க, அவள் அக்காளின் பதிலையும் மொழிபெயர்த்தாள். மொழி மாறியும் அது பிழைத்துவிட்டது, டாக்டரும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் அவருக்கு ஏதோ தோன்றியிருக்க வேண்டும். கையிலிருந்த டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். கேமரா உள்ளே எடுத்த படங்கள். இளஞ்சிவப்பும் மஞ்சளுமாக, ஈரமாக மினுங்கும் ஏதோ ஒரு உலகம். மெக்கானிக் ஒரு தரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அக்காள் மூடவில்லை. கிட்டக் குனிந்தாள். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஊசியில் நூல் கோர்க்கிறவள் பார்க்கிற பார்வை அது.

"பையை அறுத்த எடத்துல தையலே காணோமே?"

"தையல் இல்லை, கிளிப். இதோ, இந்தச் சின்ன உலோகத் துண்டுகள். உள்ளேயே இருக்கும்" என்றார் டாக்டர்.

"உள்ளேயேவா?" அக்காள் நிமிர்ந்தாள். "நான் ஒரு ஊக்கு ஈரத்துல விட்டா மறுநாள் துருப்புடிச்சு துணியெல்லாம் கறையாயிடுது. இது துருப்புடிக்காதா? பிசகி அவுந்துடாதா? இவரு தும்மினா வீடே அதிரும். கேளுங்கம்மா, கேளுங்க."

அகராதி டாக்டர் பக்கம் திரும்பினாள். அவளுக்கும் அது தெரிய வேண்டியிருந்தது. மூன்று கேள்விகளையும், தும்மல் உட்பட, ஒன்றுவிடாமல் கேட்டாள்.