பேச்சுக்கு மார்க் இல்லை

பதவி உயர்வுக் குழுவுக்கு அவள் புதியவள். மதிப்பெண்ணில் முதலாவதாக நின்ற விற்பனையாளரை மேலாளர் அலட்சியமாக ஒதுக்கினார். "வேலையெல்லாம் ஓகே. ஆனா அந்த ஊர்ப்பக்கத்து இழுவைப் பேச்சு, பெரிய கஸ்டமர்ங்க முன்னாடி எடுபடாது."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். அதே ஊர்ப் பேச்சைத்தான் பத்து வருடமாக அவளும் மறைத்துவந்தாள்.

"படிவத்துல பேச்சுக்குன்னு மார்க்கே இல்லியே, சார். கஸ்டமர் புகார் இருக்கா? இருந்தா அதையே காரணமா எழுதி கையெழுத்துப் போடுங்க."

பயத்தில் பழைய இழுவை அப்படியே வெளியே வந்துவிட்டது. மூவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மேலாளர் பேனாவைத் திறந்தார், எழுதாமலே மூடினார்.

"புகார் இல்ல. அவருக்கே குடுத்துடலாம்," என்றவர், அவளைப் பார்த்துச் சிரித்தார். "நீங்களும் அந்தப் பக்கமா?"

அடுத்த மாதம் அவளுடைய பதவி உயர்வுக் கோப்பும் இதே மேசைக்குத்தான் வருகிறது.