ஓட்டுநருக்கு எதிரே யார்?

பயிற்சி வகுப்பில் எனக்கு வைத்த பெயர் 'கண்ணாடி'. வைத்தது கணக்கு வாத்தியார், அதை வீடுவரை கொண்டுவந்து பரப்பியது என் கணவர். நான் மூக்குக் கண்ணாடி போட்டதே இல்லை.

வங்கித் தேர்வில் ஒரு புதிர் வரும். இரண்டு வரிசை, ஒன்றை ஒன்று பார்த்தபடி ஆட்கள். மேல் வரிசை தெற்கே பார்க்கும், கீழ் வரிசை வடக்கே பார்க்கும். அரைகுறையாக நாலைந்து தகவல் கொடுத்துவிட்டு, யாருக்கு எதிரே யார் என்று கேட்பார்கள். எதிரே இருப்பவரின் இடப்பக்கத்தை என் இடப்பக்கமாகவே போட்டுவிடுவேன், நிலைக்கண்ணாடியில் பார்ப்பதுபோல. போட்ட படம் மொத்தமும் தலைகீழ். அதனால்தான் அந்தப் பெயர்.

என் கணவருக்கு இந்தப் புதிர்கள் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் ஆங்கிலம் ஒவ்வொரு முறையும் காலை வாரிவிட, வயது வரம்பு தாண்டிவிட்டது. எனக்கும் அந்த வருஷத் தேர்வுதான் கடைசி. இதை விட்டால் வங்கி வேலை எங்கள் வீட்டுப் பக்கமே வராது.

தேர்வு நடக்கும் ஊருக்கு ரயிலில் போனோம். மூன்று பேர் பெஞ்சில் நாலு பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். அவர் எதிர் பெஞ்சில்.

"கண்ணாடி, இங்க பாரு. என் இடது கையத் தூக்குறேன். உனக்கு எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்."

"தெரியுதுல்ல? அப்புறம் ஏன் தாள்ல மட்டும் மாத்திப் போடுற?"

"தாள்ல இருக்கறது எழுத்துங்க. அதுக்கு ஏது கை?"

"தம்பி, உங்களுக்குக் கை இருக்கு. அத இறக்குங்க, மூக்குல இடிக்குது" என்றார் அவர் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்.

என் கணவர் விடவில்லை. "எழுத்தில்ல, ஆளு. குழப்பம் வந்தா எழுந்து போய் அந்தாள் மடியில உட்காந்து பாரு."

"எம் மடியில வேணாம்மா, முட்டி வலி" என்றார் எனக்கு எதிரே இருந்த பெரிய உடம்பு அம்மா. பெஞ்சே குலுங்கியது. கடைசியில் என் கணவரும் நானும் இடம் மாறி உட்கார்ந்தோம். இவ்வளவு நேரம் என் வலப்பக்கம் இருந்த ஜன்னல் இடப்பக்கம் போயிருந்தது.

மறுநாள் தேர்வறையில் திரையில் அதே புதிர். ஐந்து கேள்விகள் அதை நம்பி இருந்தன. மேலே ஆசிரியர், வக்கீல், நர்ஸ், தையல்காரர். கீழே டாக்டர், ஓட்டுநர், சமையல்காரர், பாடகர். ஆசிரியருக்கு இடப்பக்கம் இரண்டாவதாக வக்கீல். வக்கீலுக்கு எதிரே டாக்டர். டாக்டர் ஒரு ஓரத்தில். டாக்டருக்கு இடப்பக்கம் ஒட்டி ஓட்டுநர். ஆசிரியருக்கு வலப்பக்கம் ஒட்டி நர்ஸ்.

கை பழக்கத்துக்குப் போட்டது. வக்கீல் மேலே இடது கோடியில், அவருக்கு நேர் கீழே டாக்டர். டாக்டருக்கு இடப்பக்கம் ஓட்டுநரை வைக்கப் போனேன். பெஞ்சு முடிந்துவிட்டது. பாவம், ஓட்டுநர் தரையில் விழுந்து கிடந்தார்.

உடனே அந்த அம்மாவின் முட்டி ஞாபகம் வந்தது. எழுதிப் பார்க்கக் கொடுத்திருந்த தாளை அப்படியே தலைகீழாகத் திருப்பினேன். இப்போது மேல் வரிசை என் பக்கம். ஆசிரியரின் மடியில் உட்கார்ந்து என் இடது கையை நீட்டினேன். நிஜமாகவே நீட்டியிருக்கிறேன், கண்காணிப்பாளர் முறைத்தார். இரண்டு இடம் தள்ளி வக்கீல். வலது கைப் பக்கம் நர்ஸ். தாளை நேராக்கினேன். வக்கீல் வலது கோடிக்குப் போயிருந்தார். அவருக்குக் கீழே டாக்டர், ஒட்டி இடப்பக்கம் ஓட்டுநர், சொகுசாக. மேலே மிச்சம் ஒரே இடம்தான், ஓட்டுநருக்கு நேர் எதிரே.

வாசலில் அவர் நின்றிருந்தார். என் முகத்தையே பார்த்தார்.

"ஓட்டுநருக்கு எதிரே தையல்காரர்!" என்று கத்தினேன்.

அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனாலும் நடுத்தெருவில் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

வேலை கிடைத்தது. முதல் நாள் கவுன்டரில் உட்கார்ந்து நிமிர்ந்தால், கம்பிக்கு அந்தப் பக்கம் வரிசையில் முதல் ஆளாக அவர். புதுக் கணக்குத் தொடங்க வந்தாராம்.

"மேடம், எங்க கையெழுத்துப் போடணும்?"

"இடது பக்கம், கீழ."

"உங்க இடதா, என் இடதா?"

"உங்க மடியில உட்காந்து பார்த்துட்டேன் சார், உங்க இடதுதான்" என்றேன். பின்னால் நின்றவர்கள் சிரித்ததில் மேலாளர் எட்டிப் பார்த்தார்.

பல வருஷம் கழித்து என் கணவர் இறந்துபோன பிறகும் அந்தக் கவுன்டரில்தான் ஓய்வு பெறும்வரை உட்கார்ந்தேன். எதிரே யார் வந்து நின்றாலும் இடது, வலது ஒருநாளும் தப்பியதில்லை.