பதினெட்டாம் நிமிடத்துக் குரல்

நெல்லிவாசல்நாடு மலைக்கிராமத்தில், மகளைப் பறிகொடுத்த மங்கம்மாளிடம் எடுத்த பேட்டியை மென்பொருள் நேரக்குறிப்போடு எழுத்தாக்கியிருந்தது. யார் பேசியது என்று மட்டும் பிரிக்கவில்லை. குட்டி வீடியோவுக்கு ஏற்ற வரி தேடிய எடிட்டர் நதியா, 18:42-இல் நின்றாள்: "ரோடு இல்லாததாலதான் பொண்ணு செத்துப்போச்சு."

"இதான்! வெட்டி உடனே ஏத்து," பின்னால் நின்று அவசரப்படுத்தினான் யூடியூப் சேனல் நடத்தும் பார்த்திபன். பேட்டி எடுத்ததும் அவன்தான்.

வெட்டுமுன் அவள் ஓடவிட்டுக் கேட்டாள். அந்த வரியைச் சொன்னது பார்த்திபனின் குரல்.

18:50-இல்தான் மங்கம்மாள் வாய் திறந்தாள்: "ரோடு இன்னா பண்ணும்? ஜீப்பு வாசல்லியே நின்னுச்சு. ஆஸ்பத்திரி வேணாம்னு நான்தான் சொன்னேன்."

"அத வுடு. மொத வரி போதும்," என்றான் பார்த்திபன்.

நதியா மெல்லத் திரும்பினாள். "சொன்னது நீங்க. அப்ப கிளிப்புல உங்க மூஞ்சியவே வெக்கட்டுமாண்ணா?"