உரிச்சு வெச்ச பூனைக்கண்

வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தச் சிறுமியைப் பார்த்ததும், "அப்பாவைப் பெத்த பாட்டியை அப்படியே உரிச்சு வெச்சிருக்கா!" என்பார்கள். பாட்டிக்குப் பூனைக்கண்; அவளுக்கும் பூனைக்கண். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கருவிழிதான். "சுமந்து பெத்தவ நான், பேரு மாமியாருக்கு" என்று அம்மா சிரிப்பாள். கையிலிருக்கும் பாத்திரம் மட்டும் மேடையில் 'ணங்'கென்று உட்காரும்.

அப்பாவைத் தாண்டி அந்தக் கண் எப்படிக் குதித்து வந்தது? பள்ளியில் அறிவியல் டீச்சரிடமே சிறுமி கேட்டுவிட்டாள்.

"குதிக்கலைம்மா, ஒளிஞ்சிருந்துச்சு. கண் நிறத்துக்குப் பல மரபணு உண்டு. அதுல முக்கியமானது ஜோடியா வரும்; அப்பாகிட்டேருந்து ஒண்ணு, அம்மாகிட்டேருந்து ஒண்ணு. வெளிர் நிறம் தர்றது ஒண்ணே ஒண்ணு இருந்தா கருவிழிக்குள்ள பதுங்கிக்கும். பெரும்பாலும் ரெண்டும் சேர்ந்தாத்தான் வெளியே தெரியும்."

"அப்போ பாட்டிகிட்டேருந்து அப்பா வழியா வந்தது மட்டும் போதாதா?"

"போதாது."

சாயங்காலம் வந்த அத்தை வழக்கம்போல, "எங்கம்மாவை அப்படியே உரிச்சு..." என்று ஆரம்பித்தாள்.

"பாதிதான் உங்கம்மா, அத்தை. மீதிப் பாதி எங்கம்மா இத்தனை நாளா ஒளிச்சு வெச்சிருந்தது!"

அம்மா கையிலிருந்த பாத்திரத்தை மேடையில் பூப்போல வைத்தாள்.